கிட்டப் போனால்தான் வேலை செய்யும் ரிமோட்: பழுது எங்கே இருக்கிறது?

பொங்கலுக்குக் கல்லிடைக்குறிச்சியில் பெரியம்மை வீட்டுக்குப் போயிருந்தேன். தார்சாவில் டிவி, அதற்குக் கீழே மரத்தில் செய்த ஷோகேஸ், அதன் நடுத்தட்டில் செட்டாப் பாக்ஸ். பெரியம்மை நாற்காலியில் உட்கார்ந்து ரிமோட்டை நீட்டி நீட்டி அழுத்திப் பார்த்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பாக்ஸ் பக்கத்தில் போய்க் குனிந்து அழுத்தினார்கள். சேனல் மாறியது. திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். சத்தத்தைக் குறைக்க மறுபடியும் எழுந்தார்கள்.

"இது எத்தன நாளா இப்படி இருக்கு பெரியம்ம?" என்று கேட்டேன்.

"தீவாளிக்கு முன்னாடியே புடிச்சு இப்படித்தான்யா. தூரத்துல இருந்து அமுக்குனா கேக்கமாட்டேங்கு. பக்கத்துல போனா கேக்கு. கேபிள்காரத் தம்பி பேர் பண்ணணும்னு சொல்லிட்டுப் போச்சு. ஒங்க பெரியப்பா செல்லு மாத்துனாவ. ஒண்ணும் ஆகல."

பெரியப்பா புது ரிமோட் வாங்க அம்பாசமுத்திரம் கிளம்பத் தயாராக இருந்தார். இந்த ஒரு வீட்டில் மட்டும் இல்லை, இந்தப் பிரச்சினையைப் பற்றி யாரிடம் கேட்டாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் சொல்வார்கள்: ரிமோட்டையும் பாக்ஸையும் ஜோடி சேர்க்கிற மாதிரி திரும்பப் பேர் பண்ணு, செல்லை மாற்று, ரிமோட்டை மாற்று. மூன்றும் செய்து சரியாகவில்லை என்றால் பாக்ஸே போச்சு என்பார்கள். ரிமோட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் இந்தச் செலவில் பாதி மிஞ்சும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

## கண்ணுக்குத் தெரியாத டார்ச் லைட்

ரிமோட்டை ஒரு சின்ன டார்ச் லைட் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதன் முன்பக்கம், முனையில், குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பல்பு துருத்திக்கொண்டிருக்கும், அல்லது கறுப்பு பிளாஸ்டிக்குக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பட்டனை அழுத்தினால் அது எரிகிறது. அது விடுகிற வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாத வகை, அவ்வளவுதான் வித்தியாசம். சிவப்பு நிறத்துக்கு அப்பால் இருக்கும் அந்த வெளிச்சத்துக்கு அகச்சிவப்பு ஒளி என்று பெயர்.

அந்தப் பல்பு சும்மா எரிந்து அணைவதில்லை. இருட்டில் ஆற்றுக்கு அக்கரையில் நிற்கிறவனுக்கு டார்ச் அடித்துச் சைகை காட்டுகிற மாதிரி, நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு, மறுபடி நீளமாக ஒன்று என்று ஒரு கணக்கில் மினுக்குகிறது. ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு மினுக்கல் கணக்கு உண்டு. சத்தத்தைக் கூட்ட ஒன்று, சேனல் மாற்ற இன்னொன்று. முழுச் சைகையும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும்.

பாக்ஸின் முகத்தில் கறுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது அல்லவா, அதன் பின்னால் மூன்று கால் வைத்த ஒரு சின்னப் பொருள் உட்கார்ந்திருக்கும். அதுதான் ரிசீவர், பாக்ஸின் கண். மினுக்கலைப் பார்த்து, இது எந்தப் பட்டன் என்று படிப்பதற்கு வழி செய்வது அதுதான். ஜன்னல் நம் கண்ணுக்கு இருட்டாகத் தெரிந்தாலும் அகச்சிவப்பு ஒளிக்கு அது கண்ணாடி மாதிரி. மற்ற வெளிச்சத்தைக் குறைத்து, வேண்டியதை மட்டும் உள்ளே விடத்தான் அந்தக் கறுப்பு.

சுருக்கமாக, ரிமோட் வெளிச்சத்தால் சைகை காட்டுகிறது, பாக்ஸ் அதைப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவில் கம்பியும் இல்லை, ரேடியோவும் இல்லை. (ரேடியோவில் பேசுகிற ரிமோட்டும் இப்போது வந்திருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.)

## கிட்ட வேலை செய்கிறது என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது

பெரியம்மையின் ரிமோட் இரண்டடிக்குள் போனால் எல்லாப் பட்டனுக்கும் கேட்கிறது. இதற்கு என்ன அர்த்தம்? ரிமோட் காட்டுகிற சைகை சரி. பாக்ஸுக்கு அந்தச் சைகை புரிகிறது. பட்டன்கள் நன்றாக இருக்கின்றன. பாக்ஸின் உள்வேலையும் நன்றாக இருக்கிறது. ஒன்றே ஒன்றுதான் குறை: தூரத்தில் இருந்து அடிக்கும்போது போதுமான வெளிச்சம் ரிசீவருக்குப் போய்ச் சேரவில்லை.

சைகையே தப்பாக இருந்தால் பாக்ஸின் மூக்கில் வைத்து அழுத்தினாலும் கேட்காது. பட்டனுக்கு அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்திருந்தால் சில பட்டன்கள் மட்டும் அழுத்தி அழுத்தி அடித்தால்தான் வேலை செய்யும், மற்றவை தூரத்தில் இருந்தும் வேலை செய்யும். ஆக, அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தால் பட்டன் கோளாறு, கிட்டப் போக வேண்டியிருந்தால் வெளிச்சக் கோளாறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் ரிமோட்டைக் கழற்றி ரப்பரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது வெளிச்சம் எப்படிக் குறைகிறது என்று பார்ப்போம். டார்ச்சைச் சுவருக்குப் பக்கத்தில் பிடித்தால் சின்ன வட்டமாக, கண் கூசும்படி விழுகிறது. பின்னால் போகப்போக வட்டம் பெரிதாகிறது, மங்குகிறது. தூரம் இரண்டு மடங்கானால் வட்டத்தின் அகலமும் உயரமும் இரண்டிரண்டு மடங்கு. அதனால் அதே வெளிச்சம் நான்கு மடங்கு பரப்பில் பரவ வேண்டும், ஒவ்வொரு இடத்துக்கும் கால் பங்குதான் கிடைக்கும். தூரம் பத்து மடங்கானால் நூறில் ஒரு பங்கு. அதாவது 1 அடியில் ரிசீவருக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் 10 அடியில் கிடைப்பது நூறில் ஒரு பங்குதான்.

இதைத் திருப்பிப் போட்டால் நமக்கு வேண்டியது கிடைக்கிறது. நல்ல நிலையில் இருக்கும் ரிமோட் சாதாரணமாக 25, 30 அடி தூரம் வரைக்கும் வேலை செய்யும். வெளிச்சம் பாதியானால் அந்தத் தூரம் பாதியாகாது, 30 அடி என்பது 21 அடியாகக் குறையும், அவ்வளவுதான். பெரியம்மை நாற்காலி பாக்ஸில் இருந்து 9 அடியில் இருக்கிறது. வெளிச்சம் பாதியாகியிருந்தால் அவர்களுக்கு வித்தியாசமே தெரிந்திருக்காது. 30 அடி என்பது 3 அடியாகச் சுருங்க வேண்டுமென்றால் வெளிச்சம் நூறில் ஒரு பங்காகப் போயிருக்க வேண்டும். கொஞ்சநஞ்ச பலவீனத்தில் அது நடக்காது. ஏதோ ஒன்று நன்றாக மறைத்திருக்கிறது, அல்லது இரண்டு மூன்று குறைகள் சேர்ந்திருக்கின்றன.

இதுவரைக்கும் பார்த்தது: கிட்ட வேலை செய்தால் சைகையும் பாக்ஸும் சரி, வெளிச்சம்தான் போதவில்லை. தூரம் ரொம்பச் சுருங்கியிருந்தால் வெளிச்சம் பல மடங்கு குறைந்திருக்கிறது.

## பேர் பண்ணினால் சரியாகுமா?

இந்த ஒரு வார்த்தையை மூன்று வெவ்வேறு வேலைக்குச் சொல்கிறார்கள், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

முதலாவது, பாக்ஸுக்கும் அதோடு வந்த சாதாரண ரிமோட்டுக்கும் நடுவில். இங்கே பேர் பண்ண ஒன்றுமே இல்லை. தெருவில் ஒருவன் சத்தமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அந்தப் பெயர்க்காரன் திரும்பிப் பார்ப்பதற்கு இருவரும் முன்கூட்டியே ஒப்பந்தம் போட வேண்டியதில்லை, அது மாதிரி. பக்கத்து வீட்டில் அதே கம்பெனியின் அதே வகைப் பாக்ஸ் இருந்தால் அவர்கள் ரிமோட் உங்கள் பாக்ஸுக்கும் வேலை செய்யும்.

இரண்டாவது, பாக்ஸ் ரிமோட்டாலேயே டிவியையும் அணைக்க, சத்தம் வைக்க ஒரு வசதி உண்டு. உங்கள் டிவியின் சைகையை அந்த ரிமோட்டுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். கேபிள்காரர்கள் பெரும்பாலும் இதைத்தான் பேர் பண்ணுவது என்கிறார்கள். செல்லை எடுத்து ரொம்ப நேரம் வைத்திருந்தால் சில ரிமோட்டுகள் கற்றதை மறந்துவிடும், அப்போது திரும்பக் கற்றுக்கொடுக்க வேண்டியதுதான். ஆனால் அது மறந்துபோனால் டிவிக்கான இரண்டு மூன்று பட்டன்கள்தான் வேலை செய்யாது, எவ்வளவு கிட்டப் போனாலும் செய்யாது. சேனல் மாற்றுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கடையில் வாங்குகிற எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான ரிமோட்டில் நம்பர் போட்டு செட் பண்ணுவதும் இதே ரகம்தான்.

மூன்றாவதுதான் உண்மையான பேரிங். மைக் படம் போட்ட பட்டன் இருக்கும் புதிய ஆண்ட்ராய்டு பாக்ஸ் ரிமோட்டுகள் புளூடூத்தில் பேசுகின்றன. புளூடூத் என்பது செல்போனும் ஹெட்செட்டும் பேசிக்கொள்கிற அதே குறைந்த தூர ரேடியோ. இந்த ரிமோட்டைப் போர்வைக்குள் இருந்து அழுத்தினாலும் கேட்கும், பாக்ஸைப் பார்த்து நீட்ட வேண்டியதில்லை. இங்கே ரிமோட்டும் பாக்ஸும் ஒருமுறை ஒன்றையொன்று அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். அந்த அறிமுகம் அறுந்துபோனால் இந்த ரகத்தில் சில ரிமோட்டுகள் பழைய அகச்சிவப்பு வழிக்குத் திரும்பிவிடும். எங்கிருந்து அழுத்தினாலும் கேட்ட ரிமோட் திடீரென்று நேராக நீட்டினால்தான் கேட்கிறது, மைக் பட்டன் செத்துவிட்டது என்றால், அப்போது பேர் பண்ணத்தான் வேண்டும். முதலில் புது செல் போடுங்கள். பிறகு பாக்ஸின் அமைப்புகளில் Remotes & Accessories என்று இருக்கும் பகுதிக்குப் போய், ரிமோட்டைப் பாக்ஸுக்கு ஓரிரு அடி தூரத்தில் வைத்து, பாக்ஸோடு வந்த தாளில் போட்டிருக்கும் இரண்டு பட்டன்களைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். எந்த இரண்டு பட்டன் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பேர் ஆன பிறகும் கிட்டப் போனால்தான் கேட்கிறது என்றால் பாக்ஸை டிவிக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள், டிவியின் உலோகத் தகடு ரேடியோவை மறைக்கும்.

பெரியம்மை வீட்டு ரிமோட்டில் மைக் பட்டன் இல்லை. ஆக, கேபிள்காரத் தம்பி சொன்னது அங்கே பொருந்தாது. பேர் பண்ணும் கதையை மூட்டை கட்டி வைத்துவிட்டு நான் செல்லைப் பார்க்கப் போனேன்.

## கடிகாரத்தில் ஓடுகிற செல் ரிமோட்டில் ஓடாது

மூடியைத் திறந்தால் இரண்டு பென்சில் செல், இரண்டும் வேறு வேறு கம்பெனி. பெரியப்பாவிடம் கேட்டேன். ஒன்று சுவர்க் கடிகாரத்தில் இருந்து எடுத்தது, கடிகாரத்துக்குப் புதுசு போட்டுவிட்டார். இன்னொன்று மேசை டிராயரில் கிடந்தது.

"கடிகாரம் நேத்து வரைக்கும் நிமிசம் பிசகாம ஓடுச்சுடே, செல்லு நல்ல செல்லுதான்" என்றார்.

அவர் சொன்னது நியாயமான வாதம்தான், கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் ஒரே அளவு கரண்ட் வேண்டும் என்றால். கடிகாரம் சொட்டுச் சொட்டாகக் குடிக்கிற ஆள். அதற்குச் சராசரியாக ஒரு மில்லி ஆம்பியர்கூட வேண்டாம். ரிமோட் அப்படி இல்லை, பட்டனை அழுத்தாதபோது கிட்டத்தட்ட ஒன்றுமே குடிக்காது, அழுத்திய கணத்தில் அந்தப் பல்பு ஒவ்வொரு மினுக்கலுக்கும் 100 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கேட்கும். தெருக்குழாயில் சொட்டுகிற தண்ணீரை வைத்துக் குடத்தை ராத்திரி முழுக்க நிரப்பிவிடலாம், ஆனால் ஓஸ் போட்டுத் தோட்டத்துக்கு அடிக்க முடியாது.

செல் பழசாக ஆக, அதன் உள்ளேயே கரண்ட் ஓட்டத்துக்குத் தடை வளர்கிறது. இதை உள்தடை என்பார்கள். மெதுவாகக் கேட்டால் கொடுக்கும், ஒரேயடியாகக் கேட்டால் மூச்சு வாங்கிவிடும். அதனால்தான் மீட்டர் வைத்துப் பார்த்தால் 1.4 வோல்ட் காட்டுகிற செல்லும் ரிமோட்டில் தூங்குகிறது. மீட்டர் எதையும் குடிக்காமல் எட்டிப் பார்க்க மட்டும் செய்கிறது, பட்டன் அழுத்தும் கணத்தில் அந்த 1.4 எவ்வளவாகச் சரிகிறது என்று அதற்குத் தெரியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு புது செல் சேர்ந்தால் 3 வோல்ட். அந்த அகச்சிவப்புப் பல்பு எரியத் தொடங்கவே சுமார் 1.3 வோல்ட் போய்விடும். மீதி 1.7 வோல்ட்தான் கரண்ட்டைத் தள்ளுகிறது. பழைய இரண்டு செல்லும் அழுத்தும் கணத்தில் 2.2 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால், தள்ளுவதற்கு மிஞ்சுவது 0.9 தான். செல் கால்வாசிதான் இறங்கியிருக்கிறது, வெளிச்சமோ ஏறக்குறைய பாதியாகிவிட்டது. ரிமோட்டின் உள்ளே இருக்கும் சிப்புக்கு 2 வோல்ட் சுற்றி இருந்தாலே போதும், அதனால் அது விழித்துக்கொண்டுதான் இருக்கும், பட்டன் அழுத்தினால் ரிமோட்டில் சிவப்பு விளக்கும் எரியும். அந்த விளக்கு எரிகிறது, ஆகவே செல் நன்றாக இருக்கிறது என்று நினைப்பது இதனால்தான் தப்பாகிறது.

செல்லை வெயிலில் காயவைப்பது, உள்ளங்கையில் உருட்டுவது, பல்லால் கடிப்பது, இதெல்லாம் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் நடக்கும், கொஞ்ச நேரத்துக்குப் பலனும் கிடைக்கும். சூட்டில் உள்ளே நடக்கும் வேதிவினை கொஞ்சம் வேகமாகும், உள்தடை தற்காலிகமாகக் குறையும். ரிமோட்டுக்குள்ளேயே செல்லைச் சுற்றிவிட்டால் ஸ்பிரிங்கும் செல் முனையும் உரசி மேலே படிந்த கறை போகும். ராத்திரி முழுக்கச் சும்மா இருந்த செல் காலையில் கொஞ்சம் தேறி வேலை செய்து மத்தியானத்துக்குள் மறுபடி படுத்துவிடும். இப்படி உருட்டினால் வேலை செய்கிறது, காலையில் மட்டும் வேலை செய்கிறது என்றால் செல் முடிந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். கடிக்க மட்டும் வேண்டாம். உள்ளே இருப்பது தோலையும் வாயையும் அரிக்கக்கூடிய சமாச்சாரம்.

பழசும் புதுசும் கலந்து போடுவதும் நல்லதில்லை. இரண்டு செல்லும் வரிசையாக நிற்கின்றன, பழசின் உள்தடை வழியாகத்தான் புதுசின் கரண்ட்டும் போக வேண்டும். அதோடு பழசு முற்றிலும் வடிந்து கசியத் தொடங்கும். கசிந்த ரிமோட்டில் ஸ்பிரிங்கில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருக்கும். உவரி, இடிந்தகரை பக்கம் கடலோர வீடுகளில் உப்புக்காற்றிலேயே ஸ்பிரிங் துருப்பிடிக்கும். அங்கே புது செல் போட்டாலும் கரண்ட் அந்தப் பொடியைத் தாண்டி வராது. லேசாக ஈரமான துணியால் துடைத்து, உலரவிட்டு, பென்சில் ரப்பரால் பளிச்சென்று ஆகும்வரை தேய்த்தால் போதும்.

சரி, பெரியம்மை ரிமோட்டில் ஒரே கம்பெனிப் புது செல் இரண்டு போட்டேன். இரண்டடியில் கேட்டது மூன்றடியில் கேட்டது. அவ்வளவுதான். பெரியப்பா என்னைப் பார்த்தார். இந்த இடத்தில்தான் எல்லோரும் ரிமோட் போச்சு என்று முடிவு கட்டுகிறார்கள்.

ரிமோட் நிஜமாகவே போச்சா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. செல்போன் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்கு நேராகப் பிடித்து, பட்டனை அழுத்திக்கொண்டே திரையைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் திரையில் ஊதாவும் வெள்ளையும் கலந்த மினுக்கலாகத் தெரியும். பல போன்களில் பின்பக்கக் கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி பலமாக இருக்கும், அதனால் ஒன்றும் தெரியவில்லை என்றால் செல்ஃபி கேமராவில் பாருங்கள். பிறகு நன்றாக வேலை செய்யும் டிவி ரிமோட்டை அதே தூரத்தில் பிடித்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே பிரகாசம் என்றால் உங்கள் ரிமோட் நல்ல ரிமோட். ரிமோட்டுக்குப் போட்டிருக்கும் பிளாஸ்டிக் உறை மங்கி, கீறல் விழுந்து முனையை மறைத்திருந்தால் அதுவும் இப்படிப் பார்க்கும்போதே தெரிந்துவிடும். உறையோடு ஒருமுறை, உறை இல்லாமல் ஒருமுறை பாருங்கள்.

பெரியம்மை ரிமோட், புது செல்லோடு, டிவி ரிமோட்டுக்குக் குறையாமல் பளிச்சென்று மினுக்கியது. பெரியப்பாவும் பார்த்தார். "அப்பம் ரிமோட்டு மேல தப்பு இல்லியா?" என்றார். ரிமோட்டில் தப்பு இல்லை என்றால் மிஞ்சுவது பாக்ஸின் பக்கம்.

## பாக்ஸின் கண்ணை எது மறைக்கிறது

ஷோகேஸ் தட்டு இருட்டாக இருந்தது. போனில் டார்ச்சைப் போட்டுப் பாக்ஸின் முகத்தைப் பார்த்தேன். இடது ஓரத்தில் கறுப்பு ஜன்னல். அதன் நட்டநடுவில், கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம் காய்ந்து வெடித்து ஒட்டியிருந்தது, அதன் மேல் குங்குமம்.

ஆயுத பூஜை. தையல் மெஷின், மிக்ஸி, பைக், டிவி என்று வீட்டில் இருக்கும் எல்லாவற்றுக்கும் பெரியம்மை பொட்டு வைத்திருக்கிறார்கள், பாக்ஸுக்கும் நெற்றி மாதிரித் தெரிந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள். மற்றவற்றில் பொட்டு நாளாவட்டத்தில் உதிர்ந்துவிட்டது, பாக்ஸில் யார் கையும் படாததால் அப்படியே நின்றுவிட்டது. தீபாவளிக்கு முன்னாடியே என்று பெரியம்மை சொன்ன கணக்கு இப்போது சரியாகப் பொருந்தியது.

கறுப்பு பிளாஸ்டிக் வழியாகப் போகும் அகச்சிவப்பு ஒளி காய்ந்த சந்தனத்தின் வழியாகப் போகாது. பெரும்பகுதி சிதறித் திரும்பிவிடும், ஓரங்களிலும் வெடிப்புகளிலும் நுழைகிற கொஞ்சம்தான் ரிசீவரைச் சேரும். ஒரு பேச்சுக்கு நூறில் ஒரு பங்கு உள்ளே போகிறது என்று வைத்துக்கொண்டால் 30 அடி தூரம் 3 அடியாகிறது. அதோடு பழைய செல்லால் வெளிச்சம் பாதியாகியிருந்தால் இருநூறில் ஒரு பங்கு, தூரம் சுமார் 2 அடி. நான் பார்த்ததும் இதுதான்: புது செல்லில் மூன்றடி, பழைய செல்லில் இரண்டடி. இரண்டு குறைகள் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்வதால்தான் ஒன்றை மட்டும் சரிசெய்து பார்த்துவிட்டு, அது காரணம் இல்லை என்று தப்பான முடிவுக்கு வருகிறோம். புது ரிமோட் வாங்கியிருந்தாலும் மூன்றடிதான் கிடைத்திருக்கும், அடுத்து பாக்ஸ் போச்சு என்று சொல்லியிருப்பார்கள்.

பாக்ஸின் பிளக்கை எடுத்துவிட்டு, ஈரத்துணியைப் பிழிந்து பொட்டின் மேல் ஒரு நிமிடம் வைத்தேன். ஊறியதும் துடைத்தால் வந்துவிட்டது. சுரண்டக் கூடாது, தின்னர் போடக் கூடாது. கீறல் விழுந்தாலும் பிளாஸ்டிக் வெளுத்தாலும் அதுவே நிரந்தரமான மறைப்பாகிவிடும். பெரியம்மையிடம் அடுத்த வருசம் பாக்ஸின் மேல்பக்கத்தில் பொட்டு வைக்கச் சொன்னேன், காற்றோட்டத்துக்காக இருக்கும் ஓட்டைகளை விட்டு, ஓரத்தில்.

பொட்டு இல்லாத வீடுகளில் வேறு ஏதாவது இருக்கும். பாக்ஸ் வாங்கும்போது முகத்தில் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளை அழகுக்காக உரிக்காமல் விட்டு, அது வருசக்கணக்கில் மங்கி அடியில் தூசி சேர்ந்திருப்பது நான் அடிக்கடி பார்ப்பது. டிவி மேலிருந்து தொங்கும் பூ வேலைத் துணி, முன்னால் நிற்கும் சாமி படம், பால் கண்ணாடி போட்ட ஷோகேஸ் கதவு, இவையும் அப்படித்தான். தெளிவான சாதாரணக் கண்ணாடி பெரிய தடை இல்லை. ரிசீவர் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்றால், ரிமோட்டின் முனையில் விரலை வைத்துக் கொஞ்சம் மட்டும் வெளிச்சம் வரும்படி மறைத்துக்கொண்டு, பாக்ஸின் முகத்துக்கு ஓரிரு அங்குல தூரத்தில் இடமிருந்து வலமாக நகர்த்தி அழுத்திப் பாருங்கள், எந்த இடத்தில் மட்டும் கேட்கிறதோ அங்கேதான் கண் இருக்கிறது.

இந்தப் பகுதியின் சுருக்கம்: செல் புதுசு, கேமராவில் மினுக்கல் பளிச்சென்று தெரிகிறது, ஆனாலும் கிட்டப் போக வேண்டியிருக்கிறது என்றால் பாக்ஸின் முகத்தை டார்ச் அடித்துப் பாருங்கள்.

## சாயங்காலம் மட்டும் கேட்கமாட்டேன் என்றால்

பொட்டைத் துடைத்ததும் பெரியம்மை நாற்காலியில் இருந்தே சேனல் மாறியது. எல்லாம் முடிந்தது என்று காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். நாலரை மணி வாக்கில் பெரியம்மை கூப்பிட்டார்கள்: "எய்யா, மறுபடியும் மக்கர் பண்ணுது, ரெண்டு மூணு வாட்டி அமுக்க வேண்டியிருக்கு."

அந்தத் தார்சாவில் மேற்குப் பார்த்து ஒரு ஜன்னல். வெயில் சாய்ந்து நேராக ஷோகேஸுக்குள் விழுந்து பாக்ஸின் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. வெயிலிலும் அகச்சிவப்பு ஒளி நிறைய இருக்கிறது, ரிமோட் அனுப்புவதைவிடப் பல மடங்கு.

அப்படியென்றால் பகலில் ரிமோட் வேலையே செய்யக் கூடாதே என்று தோன்றும். 1955இல் அமெரிக்காவில் வந்த பிளாஷ்-மேட்டிக் என்ற ரிமோட் சாதாரண வெளிச்சத்தை டிவியின் மேல் அடித்து வேலை செய்தது. வெயில் பட்டால் டிவி தானாகச் சேனல் மாற்றிக்கொள்ளும் தொல்லை அதில் இருந்தது. இப்போதைய ரிமோட்டுகள் அதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. பல்பு எரிகிற ஒவ்வொரு கணத்திலும் அது தொடர்ந்து எரிவதில்லை, பெரும்பாலான ரிமோட்டுகளில் நொடிக்கு சுமார் 38,000 தடவை துடிக்கிறது. ரிசீவர் அந்தத் துடிப்பு இருக்கும் வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும். புது பஸ் ஸ்டாண்டில் எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் நாகர்கோவில் நாகர்கோவில் என்று ஒரே தாளத்தில் கூப்பிடும் கண்டக்டர் குரலைக் காது பிரித்து எடுத்துக்கொள்கிறதே, அந்த மாதிரி.

ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் தேர் நகரும் நேரத்தில், பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதுகூடக் காதருகே வந்தால்தான் கேட்கும். ரிசீவரும் இரைச்சல் கூடினால் தன் கூர்மையைத் தானே குறைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் இல்லாத சைகையை எல்லாம் சைகை என்று படித்துவிடும். கூர்மை குறைந்ததும் ரிமோட் எட்டும் தூரமும் குறைகிறது. நேர் வெயில் மட்டும் இல்லை, பாக்ஸுக்கு நேர் எதிரே இருக்கும் மலிவான எல்இடி டியூப்லைட்டும் சில சமயம் இதைச் செய்யும். கண்டுபிடிக்க எளிது. ஒரு நேரத்தில் நன்றாக வேலை செய்து இன்னொரு நேரத்தில் கிட்டப் போக வேண்டியிருந்தால், அந்த நேரத்தில் எந்த வெளிச்சம் பாக்ஸின் மேல் விழுகிறது என்று பாருங்கள், அதைக் கையால் மறைத்துவிட்டு ரிமோட்டை அழுத்துங்கள்.

பெரியப்பா ஒரு காலண்டர் அட்டையை எடுத்து வெயிலுக்குக் குறுக்கே பிடித்தார். பெரியம்மை உட்கார்ந்த இடத்தில் இருந்து அழுத்தினார்கள், முதல் தடவையே மாறியது. அட்டையை எடுத்தார், மறுபடி இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது. பாக்ஸை அதே தட்டில் ஒரு சாண் வலது பக்கம் நகர்த்தி, ஷோகேஸின் மரச்சட்டத்தின் நிழலில் வைத்தோம்.